புதிதாகச் சேர்ந்த கலைவாணி: கொள்முதல் பிரிவிலிருந்து வணக்கம்

அனுப்புநர்: கலைவாணி, கொள்முதல் ஒருங்கிணைப்பு
பெறுநர்: கொள்முதல் குழு, சேலம் அலுவலகம் மற்றும் ஏற்காடு டெப்போ
நாள்: புதன், 12 நவம்பர் 2025, காலை 9.40
பொருள்: புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், ஒரு சின்ன அறிமுகம்

அனைவருக்கும் வணக்கம்.

நான் கலைவாணி. திங்கள்கிழமை கொள்முதல் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். சேலம் அலுவலகத்தில் இருப்பவர்களை டீ நேரத்திலும் மாடிப்படியிலும் ஓரளவு பார்த்துவிட்டேன். மலையில் இருப்பவர்களை இன்னும் பார்க்கவில்லை. முகம் தெரிவதற்கு முன் பெயராவது தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

சொந்த ஊர் பவானி. இதற்கு முன் ஆறு வருடம் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரத்தில் வேலை பார்த்தேன். வரும் மூட்டைக்கு லாட் எண் போடுவது, ஈரம் பார்ப்பது, எடைச் சீட்டைச் சரிபார்த்துக் கணக்குக்கு அனுப்புவது. விரலி மஞ்சளை ஒடித்தால் வருகிற சத்தத்திலேயே நன்றாகக் காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். காபியில் அந்த வித்தை எதுவும் செல்லாது என்பது நேற்றுத் தெரிந்தது. பார்ச்மெண்ட் வரவு ஒன்றைச் செர்ரி பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். குடோன் முருகேசன் அண்ணாதான் கண்டுபிடித்தார். திட்டவில்லை. இரண்டிலும் ஒரு கைப்பிடி அள்ளி வந்து மேஜையில் கொட்டினார். பழத்தின் மேல்தோலை எடுத்துவிட்டுக் கழுவிக் காயவைத்தது பார்ச்மெண்ட். வைக்கோல் நிறம், விரலால் நெருடினால் மெல்லிய ஓடு சரசரக்கிறது. பழத்தை அப்படியே காயவைத்தது செர்ரி. பார்த்தால் சுண்டைக்காய் வற்றல் மாதிரி. இனி மாறாது.

என் வேலை என்னவென்றால், டெப்போவிலிருந்து வருகிற ஒவ்வொரு லாட்டுக்கும் வரவுச் சீட்டு, ஈர அளவு, எடை மூன்றையும் ஒத்துப்பார்த்து, பணம் போடச் சண்முகம் சாருக்கு அனுப்புவது. இதுவரை பூங்கொடி மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். "பணம் எப்போ வரும்" என்று தோட்டக்காரர் யாராவது கேட்டால் இனி என்னிடம் தள்ளிவிடுங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

டெப்போவில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி கிளம்புவதற்கு முன் வரவுச் சீட்டைப் போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? சீட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி என் மேஜைக்கு வருவதற்குள் இங்கே பதிவை முடித்துவிடலாம். அன்றைக்கே கணக்குக்கும் போய்விடும்.

காலை 9.30 முதல் மாலை 6 வரை இருப்பேன். அலுவலக உள் எண் 14. வெள்ளிக்கிழமை காலை வண்டியிலேயே ஏற்காடு வருகிறேன், அங்கே எல்லோரையும் பார்த்துவிடலாம்.

அப்புறம், அலுவலகத்துக்குப் பக்கத்தில் நல்ல தட்டுவடை செட் கடை எது என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று கடை சொல்கிறார்கள். ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அன்புடன்,
கலைவாணி

---

அனுப்புநர்: பொன்னுசாமி, ஏற்காடு டெப்போ
பெறுநர்: கலைவாணி
நாள்: புதன், 12 நவம்பர் 2025, மதியம் 1.15
பொருள்: Re: புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், ஒரு சின்ன அறிமுகம்

கலைவாணிம்மா, வணக்கம். வாங்க.

நான் பொன்னுசாமி, டெப்போ பொறுப்பு. என்னோடு இங்கே பெருமாள், அல்லி, எடை போடுகிற சின்னத்தம்பி. வெள்ளிக்கிழமை நாலு பேரும் இருப்போம்.

போட்டோ அனுப்புகிறோம். ஆனால் டெப்போவுக்குள் சிக்னல் கிடையாது. வாசலைத் தாண்டி சில்வர் ஓக் மரத்தடியில் போய் நின்றால்தான் வரும். மழை நாளில் கொஞ்சம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயம் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போதுதான் அறுவடை தொடங்கியிருக்கிறது. இந்த மாதம் இங்கே மழையும் மூட்டமும்தான், களத்தில் காயப் போட்டால் காய்வதில்லை. பார்ச்மெண்ட் ஈரம் 10 சதவீதத்துக்கு வர வேண்டும். 13, 14 இருக்கும்போதே மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். திருப்பி அனுப்பினால் நாகலூரிலிருந்து வந்தவருக்கு வேன் வாடகை வீண். அதனால் தனியாக வாங்கி நம் தார்ப்பாயில் காயவைக்கிறோம். அப்படிப்பட்ட லாட்டின் சீட்டில் மேல் மூலையில் "ஈ" என்று போட்டு வட்டம் போட்டிருப்பேன். அந்த எடையைக் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். காய்ந்தபின் மறு எடை போட்டு இரண்டாவது சீட்டு வரும், அதற்குத்தான் பணம். ஈரத்தோடு பணம் போட்டுவிட்டால் அப்புறம் அவரிடம் திருப்பிக் கேட்பது யாருக்கும் நன்றாக இருக்காது.

வெள்ளிக்கிழமை வரும்போது ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகள் பழக்கம் இல்லையென்றால் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

பொன்னுசாமி

---

அனுப்புநர்: கலைவாணி
பெறுநர்: சண்முகம், கணக்குப் பிரிவு
நகல்: பூங்கொடி, பொன்னுசாமி
நாள்: புதன், 12 நவம்பர் 2025, மதியம் 1.50
பொருள்: அறிமுகமும், இரண்டு லாட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு அவசர வேண்டுகோளும்

சண்முகம் சார், வணக்கம்.

நேரில் வந்து அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று இரண்டு நாளாக நினைத்தேன். நீங்கள் ஆடிட்டருடன் இருந்தீர்கள். நான் கலைவாணி, பூங்கொடி மேடத்திடமிருந்து லாட் பதிவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இனி வாரம் முழுக்க என் மடல்கள்தான் உங்களுக்கு அதிகம் வரும்.

முதல் மடலே திருத்தமாகப் போய்விட்டது, மன்னியுங்கள். நேற்று நான் அனுப்பிய பட்டியலில் லாட் 31, லாட் 34 இரண்டையும் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். இரண்டும் ஈர லாட். சீட்டின் மூலையில் இருந்த "ஈ" குறியைப் பார்த்தேன். என்ன அர்த்தம் என்று கேட்காமல் விட்டது என் தவறு.

லாட் 31: 212 கிலோ, ஈரம் 14 சதவீதம். 10-க்குக் காய்ந்தால் 203 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும்.
லாட் 34: 148 கிலோ, ஈரம் 13.5 சதவீதம். காய்ந்தால் ஏறக்குறைய 142.

இது நான் போட்ட கணக்குதான். பணம் போட வேண்டியது டெப்போவின் மறு எடைச் சீட்டைப் பார்த்துத்தான். அது வந்ததும் புது வரியாக அனுப்புகிறேன். மற்ற ஒன்பது லாட்டும் சரி. சீட்டுகளை இப்போது மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

பட்டியலில் ஈர லாட்டுக்குத் தனிப் பத்தி ஒன்று சேர்க்கலாமா? உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் நாளை முதல் சேர்த்துவிடுகிறேன்.

கலைவாணி
உள் எண் 14

---

அனுப்புநர்: சண்முகம், கணக்குப் பிரிவு
பெறுநர்: கலைவாணி
நகல்: பூங்கொடி, பொன்னுசாமி
நாள்: புதன், 12 நவம்பர் 2025, மாலை 4.05
பொருள்: Re: அறிமுகமும், இரண்டு லாட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு அவசர வேண்டுகோளும்

நிறுத்திவிட்டேன். பேங்குக்கு இன்னும் போகவில்லை.

பத்தி சேர்க்கலாம். எடைப் பத்திக்கு வலப்பக்கம் வேண்டாம், இடப்பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் என் கூட்டல் மாறிவிடும்.

வருக. தட்டுவடை செட்டுக்கு முருகேசன் சொன்ன கடையை நம்ப வேண்டாம்.

சண்முகம்

---

அனுப்புநர்: கலைவாணி
பெறுநர்: ஏற்காடு டெப்போ
நகல்: பூங்கொடி
நாள்: வெள்ளி, 14 நவம்பர் 2025, மாலை 5.30
பொருள்: இன்று பார்த்தது, திங்கள்கிழமைக்கு வேண்டியது

பொன்னுசாமி ஐயா, பெருமாள் அண்ணா, அல்லி, சின்னத்தம்பி, எல்லோருக்கும் நன்றி.

பத்திரமாக இறங்கிவிட்டோம். ஏறும்போது எட்டாவது வளைவிலேயே எலுமிச்சம்பழம் வேலைக்கு வந்தது. இறங்கும்போது தேவைப்படவில்லை. அதை டிரைவர் அண்ணா எல்லோரிடமும் சொல்லிவிட்டார், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

ஐயா, நீங்கள் காட்டிய பல் சோதனையை இங்கே வந்து குடோனில் செய்து பார்த்தேன். லாட் 31-இன் மாதிரியில் ஒரு கொட்டையை ஓடு நீக்கிக் கடித்தால் பல் உள்ளே இறங்குகிறது, ரப்பர் போல. பழைய இருப்பில் ஒன்றைக் கடித்தேன், லேசான தடம்தான் விழுந்தது, எனக்குத்தான் பல் கூசியது. மீட்டரில் போட்டால் முதலாவது 13.6, இரண்டாவது 10.1. மஞ்சளுக்குக் காது, காபிக்குப் பல் என்று வைத்துக்கொள்கிறேன். சீட்டில் எழுதுவது மட்டும் மீட்டர் சொல்வதைத்தான்.

அல்லி, வரவுச் சீட்டில் தோட்டக்காரர் பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதலாம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதை நானும் இன்று பார்த்தேன். பூங்கொடி மேடம் சரி என்றுவிட்டார். புதுச் சீட்டுப் புத்தகம் அச்சாகி வரும்வரை பெயருக்குக் கீழேயே எழுதிவிடு.

திங்கள்கிழமை வேண்டியது இவ்வளவுதான்: லாட் 31, லாட் 34 காய்ந்திருந்தால் மறு எடைச் சீட்டு. வெயில் வராமல் காயவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், "காயவில்லை" என்று ஒரு வரி போதும். அந்த இரண்டு தோட்டக்காரர்களுக்கும் இன்று நானே போன் செய்து பணம் ஏன் தள்ளிப்போகிறது என்று சொல்லிவிட்டேன். ஒருவர் சரி என்றார். மற்றவர், "புதுசா வந்த பொண்ணா நீங்க? மறு எடை போடும்போது நானும் வந்து நிப்பேன்" என்றார். வரட்டும், சின்னத்தம்பி அவர் முன்னாலேயே எடை போடட்டும்.

கலைவாணி