கண்மாய் கட்டிய ஊர்கள்: என் முதல் நூலை அச்சிட ஒரு கூட்டுநிதி வேண்டுகோள்

வைகை கடைசியாக வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாய் தொடங்கி, கமுதி, முதுகுளத்தூர் பக்கத்துச் சிறு கண்மாய்கள் வரை 63 கண்மாய்களின் கரைகளில் ஆறு ஆண்டுகள் நடந்து, மடை திறக்கும் முறை, மிகைநீர் வழிந்தோடும் கலுங்கின் உயரத்துக்காக ஊர்களுக்கிடையே எழுந்த வழக்குகள், வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துக்கொடுத்த நீர்பாய்ச்சிகளின் நினைவுகள் ஆகியவற்றை எழுதி முடித்திருக்கிறேன். என்னிடம் பேசிய நீர்பாய்ச்சிகளில் நால்வர் இன்று இல்லை. அவர்கள் சொன்னவை என் குறிப்பேடுகளோடு மட்கிவிடக் கூடாது என்பதற்காகவே உங்களிடம் வருகிறேன்.

நூல் டெமி அளவில் 240 பக்கம். 500 படிகள் அச்சாகும். இலக்கு 1,50,000 ரூபாய். அச்சும் கட்டும் 85,000, பக்க வடிவமைப்பு 9,600, மெய்ப்புத் திருத்தம் 7,200, அட்டையும் 12 வரைபடங்களும் 15,200, 300 படிகளை அனுப்ப 21,000, நிதி திரட்டும் தளத்தின் கட்டணம் 12,000. ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் இலவசமாகவே கிடைப்பதால் அதற்குச் செலவில்லை. என் உழைப்புக்கென ஒரு ரூபாயும் இதில் சேர்க்கவில்லை.

150 ரூபாய் தருவோருக்கு மின்னூலும், 400 தருவோருக்கு அச்சு நூலும், 750 தருவோருக்கு நூலோடு சுவரில் மாட்டத்தக்க கண்மாய் வரைபடமும் வரும். 1,000 ரூபாய்க்கு உங்களுக்கு ஒரு படியும், மாவட்டத்தின் அரசுப் பள்ளி நூலகம் ஒன்றுக்கு இன்னொரு படியும் செல்லும். நான் மிகவும் விரும்புவது இதைத்தான். 3,000 தரும் எட்டுப் பேரை ஒரு நாள் கண்மாய்க்கரை நடைக்கு அழைத்துச் செல்வேன். மதிய உணவு என் பொறுப்பு, பயணச் செலவு அவரவருடையது. கப்பல், விமானக் கட்டணம் தாங்காது என்பதால் இலங்கை, சிங்கப்பூர் உள்ளிட்ட வெளிநாட்டு வாசகர்களுக்கு மின்னூல் மட்டுமே தர இயலும்.

நிதி திரட்டல் 2026 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 28 வரை 45 நாள் நடக்கும். மே மாதத்திலேயே நூல் வந்துவிடும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கடைசி இரண்டு இயல்களின் மெய்ப்பு இன்னும் முடியவில்லை, சட்டமன்றத் தேர்தல் ஆண்டாதலால் அச்சகங்களிலும் வேலை குவிந்திருக்கும். ஆகவே மின்னூலை மே 31க்குள்ளும் அச்சு நூலை ஜூலை 31க்குள்ளும் அனுப்புவதாக உறுதியளிக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, வேலை நகராத மாதத்திலும், நிலவரத்தை எழுதுவேன்.

இலக்கு எட்டப்படாவிட்டால் பணம் முழுவதும் உங்கள் கணக்குக்கே திரும்பும். கூடுதலாகச் சேர்ந்தால் புதிய பரிசுகளை அறிவிக்காமல் பள்ளி நூலகப் படிகளை அதிகரிப்பேன். செப்டம்பர் 30க்குள் அச்சு நூல் கைக்கு வராதவர்கள் கேட்டால், அச்சகத்துக்குக் கொடுத்த பணம் திரும்புகிறதோ இல்லையோ, என் சேமிப்பிலிருந்து 15 நாளுக்குள் முழுத்தொகையையும் திருப்பித் தருவேன். அதற்கென 40,000 ரூபாயைத் தனியே வைத்திருக்கிறேன்.