கொப்பிக்கடை அண்ணை

ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியடியில் ஒரு வீடியோக் கடை வந்தது. அண்ணையிடம் படத்தின் பெயர் கேட்டால் கிடைக்காது. முகத்தைப் பார்ப்பார், ஜெனரேட்டருக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் இருக்கிறது என்று கேட்பார், அப்புறம் ஒரு கசெட்டை நீட்டுவார். எனக்கு எரிச்சல்தான்.

அப்பாவின் அந்தியேட்டி முடிந்த கிழமை, சண்டைப்படம் கேட்டுப் போனேன். நாகேஷின் பழைய பகிடிப்படம் ஒன்றைத் தந்தார்.

"இதையா?"

"கொண்டு போ தம்பி."

பாதியில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. இருட்டில் அம்மா மிச்சக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

மறுநாள் கேட்டேன், எப்படித் தெரியும் என்று. கொப்பியைப் புரட்டிக் காட்டினார். அதே படம், நாலு தரம், அப்பாவின் கையெழுத்து.