ஏழாம் படுக்கைக்கான கொலோஸ்டமி குறிப்பு

நோயாளிக்கு 58 வயது, சிக்மாய்டு கொலோஸ்டமி, அதாவது பெருங்குடலின் கடைசி வளைவை வயிற்றில் வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள், அந்தத் திறப்புதான் ஸ்டோமா. அறுவை சிகிச்சைக்குப் பின் இன்று ஐந்தாம் நாள். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகிறார். பை மாற்ற மனைவி கற்றுக்கொள்கிறார், ஆனால் நோயாளி இன்னும் தன் வயிற்றைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் பை மாற்றுவதற்கு முன் பார்க்கப் பழக்குங்கள். அவசரப்படுத்த வேண்டாம், முதல் நாள் கண்ணாடியில் ஒரு பார்வை போதும்.

"ஐயா, கீழுதட்டை மடக்கிப் பாருங்கள், உள்பக்கம் எப்படி இருக்கிறதோ ஸ்டோமாவும் அப்படித்தான் இருக்கணும்" என்று சொன்னால் சட்டென்று புரியும். இளஞ்சிவப்பு அல்லது நல்ல சிவப்பு, ஈரம், லேசான பளபளப்பு. தொட்டால் வலிக்காது, குடலின் உள்தோலில் வலி நரம்பு கிடையாது. துடைக்கும்போது துணியில் ஓரிரு துளி ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் வலிக்காது என்பதாலேயே அடிபட்டாலும் அவருக்குத் தெரியாது, பெல்ட் உரசுகிறதா என்று கண்ணால்தான் பார்க்கணும். இதை மாணவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

நிறம் ஊதாவாகவோ கருநீலமாகவோ கருப்பாகவோ மாறினால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம். காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வரணும். வார்டில் நீங்கள் பார்த்தாலும் அப்படியே, சர்ஜனைக் கூப்பிட்ட பிறகுதான் சார்ட்டில் எழுதுவது. ஸ்டோமா உள்ளே இழுத்துக்கொண்டது, வெளியே நீண்டது, ஓரத்துத் தையல் விட்டது, நிற்காத ரத்தம், வாந்தியும் வயிறு உப்பலுமாக மலமும் காற்றும் நின்றுபோனது, இவற்றுக்கும் தாமதிக்கக் கூடாது.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யணும், கனம் ஏறினால் ஒட்டு பிய்ந்துவிடும். ஒட்டும் தட்டை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றலாம், குடல் அடங்கியிருக்கும் காலை நேரம், சாப்பிடும் முன் வசதி. ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மறு கையால் மெல்ல உரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைக்கணும். எண்ணெய், கிரீம், பவுடர் என்று தானாக எதுவும் பூசக் கூடாது, ஒட்டாது. அப்புறம் அளவு: தட்டில் வெட்டும் துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கணும். பெரிதாக வெட்டினால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும், இறுக்கினால் ஸ்டோமாவை வெட்டும். வீக்கம் ஆறு முதல் எட்டு வாரம்வரை வடிந்துகொண்டே போகும் என்பதால் வாரம் ஒருமுறை அளந்து வெட்டச் சொல்லுங்கள். ஒட்டியதும் உள்ளங்கையை அரை நிமிடம் மேலே வைத்திருந்தால் சூட்டில் நன்றாகப் பிடிக்கும். கசிந்தால் மேலே டேப் ஒட்டி ஒப்பேற்ற வேண்டாம், கழற்றி மாற்றணும்.

சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "அம்மா, நாளைக்கு இது கருநீலமாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். துளையை அவரே வெட்டட்டும், கத்தரியைக் கையில் வாங்காதீர்கள்.