7-வது பிரிவு: திருத்தி எழுதியதும் அதற்கான விளக்கமும்

உங்கள் இருவருக்கும் வணக்கம்.

போன வாரம் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலைப் படித்துக் காட்டியபோது, 7-வது பிரிவு வந்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். "இதுல என்ன எழுதியிருக்குன்னே புரியலையே" என்று மூத்தவர் சொன்னார். புரியாததில் வியப்பில்லை, மொத்தப் பிரிவும் ஒரே வாக்கியம். ஆனால் தினமும் தேவைப்படப்போகும் பிரிவு அதுதான். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தாலும், தண்ணீர் குடமுருட்டி ஆற்றில் வந்து உங்கள் வாய்க்காலில் ஏறும் வரை குறுவை நாற்றங்கால் அந்த போர்வெல்லை நம்பித்தான் நிற்கும். அதனால் அதை மட்டும் பிரித்து எழுதியிருக்கிறேன். நீங்கள் பேசி முடித்த எதையும் மாற்றவில்லை.

பழையது இது:

"7. நம்மில் 1-வது நபரின் பாகத்திற்கு ஒதுக்கப்பட்ட 'ஏ' ஷெட்யூல் சொத்தில் அமைந்துள்ள போர்வெல்லும் மின் மோட்டாரும் நம் இருவருக்கும் பொதுவானதாகையால், மேற்படி போர்வெல்லிலிருந்து மேற்படி 'ஏ' ஷெட்யூல் சொத்தின் கீழவரப்பை ஒட்டிச் செல்லும் மூன்றடி அகல வாய்க்கால் மூலம் 'பி' ஷெட்யூல் சொத்திற்கு 2-வது நபரும் அவருடைய வாரிசுகளும் அவரிடமிருந்து கிரயம் முதலான வகையில் உரிமை பெறுவோரும் வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய கிழமைகளில் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ள என்றென்றைக்கும் பாத்தியமுடையவர்களாகவும், 1-வது நபரோ அவருடைய வாரிசுகளோ அவரிடமிருந்து கிரயம் முதலான வகையில் உரிமை பெறுவோரோ மேற்படி வாய்க்காலை மறிக்கவோ தூர்க்கவோ அதன் அகலத்தைக் குறைக்கவோ அதிகாரமற்றவர்களாகவும், மேற்படி மோட்டாரைப் பழுது நீக்கும் செலவை 1-வது நபரும் 2-வது நபரும் சரிபாதியாக ஏற்க வேண்டியதென்றும், அவர்களில் ஒருவர் மற்றவர் எழுத்து மூலம் கேட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தமது பாதியைத் தராவிடில் மற்றவரே முழுச் செலவையும் செய்து மேற்படி பாதியை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன் வசூலித்துக்கொள்ளலாமென்றும், ஆனால் மேற்படி பாக்கியைக் காரணம் காட்டித் தண்ணீரை நிறுத்தக் கூடாதென்றும், ஒருவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பழுதுக்கு அவரே முழுப் பொறுப்பென்றும் இதன் மூலம் சம்மதித்துள்ளோம்."

புதியது:

"7. போர்வெல்லும் தண்ணீரும்

7.1 1-வது நபருக்கு ஒதுக்கிய 'ஏ' ஷெட்யூல் சொத்தில் ஒரு போர்வெல்லும் மின் மோட்டாரும் உள்ளன. இவை நம் இருவருக்கும் பொதுவானவை.

7.2 இந்த போர்வெல்லிலிருந்து 'பி' ஷெட்யூல் சொத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ள 2-வது நபருக்கு என்றென்றைக்கும் பாத்தியம் உண்டு. இந்தப் பாத்தியம் வாரந்தோறும் திங்கள், புதன், வெள்ளி ஆகிய கிழமைகளுக்கு உரியது.

7.3 தண்ணீர் செல்லும் வழி, 'ஏ' ஷெட்யூல் சொத்தின் கிழக்கு வரப்பை ஒட்டிச் செல்லும் 3 அடி அகல வாய்க்கால்.

7.4 1-வது நபர் இந்த வாய்க்காலை மறிக்கக் கூடாது. தூர்க்கக் கூடாது. அதன் அகலத்தைக் குறைக்கக் கூடாது.

7.5 7.2-லும் 7.4-லும் மட்டும், 'நபர்' என்பது அந்த நபரின் வாரிசுகளையும், அவரிடமிருந்து கிரயம் முதலான வகையில் உரிமை பெறுவோரையும் சேர்த்துக் குறிக்கும்.

7.6 மோட்டாரைப் பழுது நீக்கும் செலவை 1-வது நபரும் 2-வது நபரும் சரிபாதியாக ஏற்க வேண்டும்.

7.7 ஒருவர் மற்றவரிடம் அவருடைய பாதியை எழுத்து மூலம் கேட்கலாம். கேட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் அதைத் தராவிட்டால், கேட்டவரே முழுச் செலவையும் செய்து, அந்தப் பாதியை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன் வசூலித்துக்கொள்ளலாம்.

7.8 7.7-ல் சொன்ன பாக்கியைக் காரணம் காட்டித் தண்ணீரை நிறுத்தக் கூடாது.

7.9 ஒருவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பழுதுக்கு அவரே முழுப் பொறுப்பு."

7.5-ல் உள்ள "மட்டும்" என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று படியுங்கள். முதலில் நான் அந்தச் சொல் இல்லாமல்தான் எழுதினேன். "இந்தப் பிரிவில் நபர் என்றால் வாரிசுகளும் சேர்த்தி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டபோது கவனித்தேன்: பழைய வாக்கியத்தில் வாரிசுகளும் வாங்குவோரும் வருவது இரண்டு இடங்களில்தான். தண்ணீர் பாய்ச்சும் பாத்தியத்தில் வருகிறார்கள், வாய்க்காலை மறிக்கக் கூடாது என்பதில் வருகிறார்கள். மோட்டார் செலவில் உங்கள் இருவர் பேர் மட்டும்தான். என் ஒற்றை வரி அப்படியே நின்றிருந்தால், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் தலையில் நீங்கள் பேசாத ஒரு செலவை நான் ஏற்றி வைத்தவனாகியிருப்பேன். வட்டியும் சேர்ந்து ஏறியிருக்கும்.

பிள்ளைகளும் நிலத்தை வாங்குகிறவர்களும் செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணமாக இருக்கலாம். இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், எழுதிவிடலாம். ஆனால் அது புது நிபந்தனை. சுருக்கும் சாக்கில் அதை நான் உள்ளே நுழைக்கக் கூடாது.

கவனக்குறைவு பற்றிய வரியை மோட்டார் செலவுக்குப் பக்கத்தில் வைத்தால் படிக்க இன்னும் இலகு. ஆனால் அங்கே வைத்தால் மோட்டார் பழுதுக்கு மட்டும்தான் அந்த வரி என்று படியும். பழையதில் அது கடைசியில் தனியாக நிற்கிறது, போர்வெல் குழாய் உடைந்தாலும் அதைக் காட்டி வாதாட இடம் இருக்கிறது. அதனால் கடைசியிலேயே விட்டிருக்கிறேன். எது உங்கள் எண்ணம் என்று இருவரும் பேசிச் சொல்லுங்கள். வட்டி எந்த நாளிலிருந்து என்பதும் பழையதில் இல்லை, அதையும் நானாக நிரப்பவில்லை.

"பாத்தியம்" என்பதை "உரிமை" என்று மாற்றலாமே என்று இளையவர் கேட்டார். பத்திரத்தின் மற்ற பிரிவுகளில் எல்லாம் பாத்தியம் என்றே இருக்கிறது. இங்கே மட்டும் மாற்றினால், இரண்டு சொல்லுக்கும் இரண்டு பொருள் என்று யாராவது வாதாடலாம். "எழுத்து மூலம்" என்பதை "கடிதம்" என்று ஆக்காததும் காரணத்தோடுதான். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவையும் எழுத்தாக ஏற்கிறது. கடிதம் என்று எழுதினால் அந்த வழி குறுகிவிடும்.

பொருள் தெளிவாக வேண்டும் என்று நான் மாற்றிய ஒரே சொல் "கீழவரப்பு". ஊரில் கீழ என்றால் கிழக்கு, எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு வெளியூர்க்காரர் வாங்கினால் பள்ளமான பக்கத்து வரப்பு என்று நினைப்பார். புலப்பட நகலில் வாய்க்கால் கிழக்கில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஷெட்யூலில் எல்லைகளும் கிழக்கு, மேற்கு என்றே இருக்கின்றன.

"வசூலித்துக்கொள்ளலாம்" என்பது "வேண்டும்" ஆகவில்லை, கவனியுங்கள். தம்பியிடம் அண்ணன் வட்டியை விட்டுவிட நினைத்தால் விட்டுவிடலாம்.

பதிவாகிவிட்டால் அப்புறம் பிழைத்திருத்தல் பத்திரம், அதற்கொரு அலைச்சல், செலவு. அதனால் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் பழையதையும் ஒருவர் புதியதையும் வைத்துக்கொண்டு, சத்தமாக, மாற்றி மாற்றிப் படியுங்கள். பழையதில் இருந்து புதியதில் இல்லாதது, புதியதில் புதிதாக முளைத்தது, இரண்டில் எது கண்ணில் பட்டாலும் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். வாரிசு செலவு, பழுது, வட்டி நாள், இந்த மூன்றுக்கும் பதிலை இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். ஒருவர் மட்டும் போனில் சொல்வதை நான் எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் இருப்பேன். உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள், அவரும் கையெழுத்துப் போட வேண்டியவர். இந்தப் பிரிவை அவர் காதில் விழும்படி நானே ஒருமுறை படிக்கிறேன்.