61 வயது அம்மா, சுகரும் சிறுநீரகமும்: கிளிமிபிரைடுக்குப் பதில் எது?

வணக்கம் மேடம்,

கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கிளிமிபிரைடை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் லினாக்ளிப்டின் 5 மி.கி. போதுமா, இன்சுலினே தேவையா? சிறுநீரகத்துக்காக டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. இவருக்குத் தொடங்கலாமா?

அம்மாவுக்கு 12 வருடமாக டைப் 2 சுகர். எடை 52 கிலோ, உயரம் 150 செ.மீ. மெட்ஃபார்மின் 500 இரு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில், எனலாப்ரில் 5 மி.கி. பி.பி. 138/84.

ஆடு மேய்ப்பவர். ஆறரை மணிக்கு மாத்திரை போட்டு, ஒரு சொம்பு கேப்பைக் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினால் சாப்பாடு ஒரு மணிக்குத்தான். போன மாதம் இரண்டு தடவை பதினோரு மணி வாக்கில் வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுப் பையன் இங்கே கூட்டி வந்தான், சுகர் 54. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். மயக்கம், வலிப்பு இல்லை.

எச்.பி.ஏ.1.சி. 8.6. ஆனால் ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 9. இரும்புச்சத்து மாத்திரை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். அதனால் அந்த 8.6-ஐ நான் முழுதாக நம்பவில்லை. குளுக்கோமீட்டரில் ஐந்து நாள் பார்த்ததில் வெறும் வயிற்றில் 108 முதல் 126, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் 236 முதல் 270. இரவு என்.பி.எச். போட நான் தயங்குவது இதனால்தான்.

கிரியாட்டினின் ஜனவரியில் 1.1 (ஜி.எஃப்.ஆர். 57), ஜூனில் 1.4 (43). மூட்டு வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது. நிறுத்தச் சொல்லி மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன், அப்போதும் 1.4 தான். பொட்டாசியம் 4.6. சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 180 மி.கி./கி. சீழ்செல், ரத்தச் செல் இல்லை. ஸ்கேனில் அடைப்பு இல்லை, இரு சிறுநீரகமும் 9 செ.மீ.க்கு மேல். விழித்திரையில் ஆரம்பநிலைப் பாதிப்பு. கால் வீக்கம், மூச்சுத்திணறல் இல்லை. இதய நோய் இருந்ததில்லை.

டாபாக்ளிஃப்ளோசினில் என் கவலை வெயில். நாள் முழுக்க வெளியில் இருப்பவர், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர். சிறுநீர்த் தொற்றோ பிறப்புறுப்பில் அரிப்போ இதுவரை வந்ததில்லை. தொடங்கினால் எத்தனை நாளில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும், எவ்வளவு ஏறினால் நிறுத்த வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஜி.எஃப்.ஆர். 43-க்கு மெட்ஃபார்மினை நாளுக்கு 1000-லேயே வைத்திருக்கிறேன், குறைக்க வேண்டுமா?

தனியாக இருக்கிறார். ஊசியை வைக்க வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இங்கே ஸ்டாக்கில் இந்த இரண்டு மாத்திரையும் கிடையாது, மகன் வெளியில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஓ.பி.க்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், ஆட்டைப் பார்க்க ஆள் இல்லை. ஆனாலும் நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்க வருவார். அதற்குள் பதில் கிடைத்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன்.

மருத்துவ அலுவலர்,
ஆரம்ப சுகாதார நிலையம்