மீன் தொட்டிக் காட்சி: செல்லப்பிராணிக் கடை விளம்பரப் படத்துக்கான பிராம்ப்ட்

செல்லப்பிராணிக் கடையின் விளம்பரத்துக்காக, நன்கு பராமரிக்கப்பட்ட ஒரு நன்னீர் மீன் தொட்டியை, உண்மையான புகைப்படம் போன்ற துல்லியத்துடன், 16:9 அளவில் உருவாக்கவும். தொட்டி ஏறத்தாழ 90 செ.மீ. நீளம் இருக்கட்டும், கேமரா நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, முன்கண்ணாடிக்கு நேராக இருக்க வேண்டும்.

படத்தின் இடப்பக்கத்திலிருந்து நடுப்பகுதி வரை இருபது நியான் டெட்ரா மீன்கள் ஒரே திசை நோக்கி, ஆனால் இடைவெளிகள் சீராக இல்லாமல், இயல்பான கூட்டமாக நீந்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் கண்ணருகே தொடங்கிப் பக்கவாட்டில் ஓடும் நீலப் பட்டையும், உடலின் நடுவிலிருந்து வாலடி வரை மட்டுமே நீளும் சிவப்புப் பட்டையும் தெளிவாகத் தெரிய வேண்டும். சிவப்பைத் தலைவரை இழுத்தால் அது வேறு இனமாகிவிடும். மீன் வளர்ப்பவர்கள் முதலில் கவனிப்பது இதைத்தான். மிக அருகில் ஓர் ஆண் கப்பி, ஆரஞ்சும் கரும்புள்ளிகளும் கலந்த விசிறி வாலை விரித்துத் திரும்பும் கணத்தில் நிற்கட்டும். ஒளி ஊடுருவும் அந்த வாலில் மெல்லிய கதிர்க்கோடுகள் எண்ணக்கூடியவையாக இருக்கட்டும். அடியில் மென்மையான மணலை மீசையால் துழாவும் மூன்று கோரிடோரஸ் மீன்கள் போதும். ஏஞ்சல் மீன்களைச் சேர்க்க வேண்டாம். வளர்ந்த ஏஞ்சல் மீன்கள் நியான் டெட்ராக்களை விழுங்கக்கூடியவை என்பதால், கடை அத்தகைய சேர்க்கையைக் காட்டுவது தவறு.

பின்புறத்தில் வாலிஸ்னேரியாவின் நாடா போன்ற இலைகள் நீர்மட்டத்தைத் தொட்டு வளைகின்றன. நடுவில் கிடக்கும் மரக்கட்டையின் மேல் ஜாவா ஃபெர்ன் பற்றிப் படர்ந்திருக்கிறது. அதன் கிடைத்தண்டு மணலில் புதைந்தால் அழுகிவிடும் என்பதால், கட்டையின் மேலேயே தெரியட்டும். இலை நுனிகளில் பிராணவாயுக் குமிழிகள் சில ஒட்டியிருக்கட்டும்.

கண்ணாடிப் பிரதிபலிப்புகளே இப்படத்தின் உயிர். முன்கண்ணாடி வழியே நீரினூடாகப் பார்க்கையில் நீர்ப்பரப்பும் இடப்பக்கச் சுவரும் கண்ணாடி போலச் செயல்படுவதால், மேலே டெட்ராக்களின் தலைகீழ் பிம்பமும், பக்கத்தில் இடவலம் மாறிய பிம்பமும் சற்றே நெளிந்து தெரிய வேண்டும். முன்கண்ணாடியின் வலது கீழ்மூலையில், செடிகளின் இருண்ட பின்னணி மீது, மீன்களை வியந்து பார்க்கும் ஒரு சிறுவனின் முகம் மிக மங்கலாகப் பிரதிபலிக்கட்டும். அது எந்த மீனையும் மறைக்கக் கூடாது.

ஒளி மேலிருந்து வெண்மையாக இறங்கி, மணலில் அலையும் ஒளிவலையாக விழட்டும். விளம்பர வாசகம் பின்னர் சேர்க்கப்படும் என்பதால் வலது மேற்பகுதி மீன்களின்றி, ஆழ்ந்த பச்சை நிறத்தில் அமைதியாக இருக்க வேண்டும். படத்தில் எழுத்துகள், சின்னங்கள், பிளாஸ்டிக் செடிகள், செயற்கையாக மிளிரும் நிறங்கள், இரட்டை வால் போன்ற உடற்பிழைகள் எவையும் இடம்பெறக் கூடாது.