4.3 வதிவிடப் பிரதேசமும் தயிர்ப் பொதித் தெரிவும்: குறுக்கு அட்டவணை, கைவர்க்கச் சோதனை முடிவுகள்

இறுதியாக வாங்கிய எருமைத் தயிர் மண் சட்டியிலா, பிளாஸ்டிக் கோப்பையிலா இருந்தது என 240 வீடுகளில், வீட்டுக்கு ஒருவரிடம் மட்டும் கேட்கப்பட்டது. "வழமையாக எதை வாங்குவீர்கள்?" என்று கேட்டிருந்தால் பலர் இரண்டையும் சொல்லியிருப்பர், ஒருவரே இரு கலங்களில் எண்ணப்பட்டால் இச்சோதனை செல்லாது.

| பிரதேசம் | சட்டி | கோப்பை | மொத்தம் |
|---|---|---|---|
| மட்டக்களப்பு நகர் | 35 (43.8%) | 45 (56.3%) | 80 |
| களுவாஞ்சிகுடி | 56 (70.0%) | 24 (30.0%) | 80 |
| கல்முனை | 47 (58.8%) | 33 (41.3%) | 80 |
| மொத்தம் | 138 (57.5%) | 102 (42.5%) | 240 |

பிரதேசத்துக்கும் பொதித் தெரிவுக்கும் தொடர்பில்லை என்ற சூனியக் கருதுகோள் உண்மையாயின், ஒவ்வொரு பிரதேசத்திலும் 46 பேர் சட்டியையும் 34 பேர் கோப்பையையும் வாங்கியிருக்க வேண்டும். அவதானித்த மீடிறன்கள் இவற்றிலிருந்து விலகியமையால் χ² = 11.355, df = 2, p = 0.003 எனப் பெறப்பட்டது. இது 5% பொருண்மை மட்டத்துக்குரிய அவதிப் பெறுமானமான 5.991 ஐ விஞ்சுவதால் சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது.

ஆயினும் p பெறுமானம் சிறியது என்பதற்காகத் தொடர்பு வலுவானது என்று கொள்ளலாகாது. கிராமரின் V 0.218 மட்டுமே, பிரதேசத்தை அறிந்துகொண்டு ஒருவர் எதை வாங்குவார் என்று ஊகித்தால் பல தடவை பிழைக்கும். வேறுபாடு எங்கிருந்து எழுகிறது என்பதைச் சீராக்கிய மீதிகள் காட்டுகின்றன: சட்டி நிரலில் மட்டக்களப்பு நகருக்கு −3.05, களுவாஞ்சிகுடிக்கு +2.77, கல்முனைக்கு வெறும் +0.28. ஆகவே கல்முனையை "சட்டியை விரும்பும் சந்தை" என அறிக்கையிட இத்தரவு இடந்தரவில்லை. அது மொத்தச் சராசரியை ஒட்டியே நிற்கிறது.

காரணத்தைச் சோதனை கூறாது. படுவான்கரைத் தயிர் பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடிக்கு எளிதில் வந்து சேர்வது ஒரு விளக்கமாகலாம். நகரில் விடையளித்த சிலர், மோட்டார் சைக்கிளில் சட்டியைக் கொண்டுபோவதன் சிரமத்தைத் தாமாகவே குறிப்பிட்டனர். இரண்டும் அனுமானங்களே, போக்குவரத்து முறை வினாக்கொத்தில் கேட்கப்படாதது எமது குறைபாடு.

மாத வருமானத்தை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தபோது பத்துக் கலங்களில் மூன்றில் எதிர்பார்த்த மீடிறன் 5 இலும் குறைந்தது. இது பொதுவாக ஏற்கப்படும் 20% எல்லையைத் தாண்டுவதால், அடுத்தடுத்த வகுப்புகளை இணைத்து மூன்றாக்கிய பின்னரே சோதனை செய்யப்பட்டது: χ² = 0.654, df = 2, p = 0.721. சூனியக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்றில்லை. வசதியானோர் கோப்பையையே நாடுவர் என்ற விற்பனைப் பிரிவின் நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அந்நம்பிக்கை பொய்யென்று நிறுவப்பட்டதாகவும் இதனை வாசிக்கக் கூடாது.

மாதிரி வசதி அடிப்படையில் தெரிவானது என்பதால், மேற்கண்ட வீதங்களை மாவட்டங்களின் சந்தைப் பங்காக எடுத்தாளலாகாது. கோப்பைப் பொதியின் அறிமுகத்தை மட்டக்களப்பு நகரில் தொடங்கலாம் என்பதும், களுவாஞ்சிகுடியில் சட்டியை இப்போதைக்கு நிறுத்தலாகாது என்பதுமே இவ்வட்டவணையிலிருந்து பெறத்தக்க பரிந்துரைகள்.